சின்னக் கடைக்கு ஒரு பில் புக்: நகல் தாளிலிருந்து தொடங்குங்கள்

திருமங்கலத்தில் என் மச்சான் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை போட்டபோது, முதல் ஆறு மாதம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ரெடிமேட் பில் புக்கை வைத்தே ஓட்டினார். மேலே ஒரு ரப்பர் ஸ்டாம்பு, கீழே கையெழுத்து, அவ்வளவுதான். ஒருநாள் ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். "அண்ணே, போன மாசம் வாங்குன ஒயர்ல ஒரு காயில் பிரிக்காம அப்படியே இருக்கு, எடுத்துக்கிறீங்களா? பில்லு தொலைஞ்சிருச்சு. நம்பர் மட்டும் போன்ல குறிச்சிருக்கேன், 23" என்றார். மச்சான் பழைய புத்தகங்களை இறக்கினார். பதினொரு புத்தகம். பதினொன்றிலும் 23ஆம் நம்பர் இருந்தது. ரெடிமேட் புத்தகம் ஒவ்வொன்றும் 1இல் தொடங்கி 50இல் முடிகிறதே!

தேடிப் பிடித்து அந்த நகலை எடுத்தால் அடுத்த சிக்கல். நகல் தாள் கோடு எதுவும் இல்லாத வெறும் மஞ்சள் தாள். கார்பன் வழியாக இறங்கியது கையெழுத்து மட்டும். அசலில் இருந்த கட்டங்கள் இதில் இல்லை. ஒரு வரியில் "2", கொஞ்சம் தள்ளி "1850", அதற்கும் அப்பால் "3700" என்று எண்கள் அந்தரத்தில் தொங்கின. எந்த அளவு ஒயர் என்பது தாளின் ஓரத்தோடு போய்விட்டிருந்தது.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஓர் அச்சகத்தில் பல வருடம் லேஅவுட் வேலை பார்த்தவன். பில் புக் அடிக்க வருகிறவர்கள் எல்லாரும் கடைப் பெயரை எந்த எழுத்தில் போடலாம், சாமி படம் எங்கே வைக்கலாம் என்பதில்தான் முக்கால்மணி நேரம் செலவிடுவார்கள். அதெல்லாம் அசல் தாளின் அழகு. அசல் வாடிக்கையாளர் பையோடு போய்விடும். கடையில் தங்குவது நகல். ஆகவே நகலில் என்ன தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அசலுக்கு வருவதுதான் என் வழக்கம். மச்சானுக்குச் செய்த புத்தகத்தையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கடைக்கு ஏற்றபடி எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

எழுதிய பில்களை விரித்துப் பாருங்கள்

காகிதத்தில் கோடு போடும் முன்னால், ஏற்கெனவே எழுதிய பில்களில் இருபதை எடுத்து மேஜையில் பரப்புங்கள். கடை புதிது என்றால் அதே சரக்கு விற்கிற தெரிந்தவரிடம் கேட்டு வாங்குங்கள். நாம் தேடுவது, கட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டவற்றை. கட்டத்துக்கு வெளியே எது எழுதப்பட்டிருக்கிறதோ, அதற்கு ஒரு கட்டம் தேவைப்படுகிறது என்று பொருள்.

மச்சானின் பில்களில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப ஓரத்தில் கிடந்தன. ஒன்று, எலக்ட்ரீஷியன் பெயர். வீட்டுக்காரர் பெயரில் பில், சாமான் எடுத்துப் போனவர் எலக்ட்ரீஷியன். நாளைக்குக் கேள்வி வந்தால் இருவர் பெயரும் வேண்டும். இரண்டு, "4000 வரவு, 610 பாக்கி" என்ற குறிப்பு. மூன்று, ஃபேன், மோட்டார் விற்றபோது வாரண்டிக்காக எழுதிய சீரியல் நம்பர். முதல் இரண்டுக்கும் தனி இடம் கொடுத்தோம். மூன்றாவதற்குத் தனிக் கட்டம் போட்டால் பத்தில் ஒன்பது பில்லில் அது காலியாகக் கிடக்கும். ஆகவே விவரம் என்ற பத்தியை அகலமாக்கி, சீரியல் நம்பரை அடுத்த வரியிலேயே எழுதிக்கொள்ளும்படி விட்டோம்.

எல்லா பில்லிலும் காலியாகவே கிடந்த கட்டங்களும் இருந்தன. வாடிக்கையாளர் முகவரிக்கு ரெடிமேட் புத்தகம் மூன்று வரி ஒதுக்கியிருந்தது. ஒருவர்கூட எழுதவில்லை. அதை எடுத்துவிட்டு ஊர், போன் நம்பர் இரண்டுக்கும் ஒரே வரி வைத்தோம். பைசா பத்தியும் அப்படித்தான். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. முழு ரூபாயில் விற்கிற கடைக்குப் பைசா பத்தி வெறும் இட விரயம். அந்த அகலத்தைத் தொகைப் பத்தியோடு சேர்த்துவிடுங்கள்.

அளவு, கட்டும் பக்கம்

அச்சகத்தில் 'டெமி 1/8' என்பார்கள், அல்லது ஏ5 என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்து அளவுகள். பத்துக்கு மேல் வரி தேவைப்படும் கடைக்கு இதுதான் சரி. டீக்கடை, ஜெராக்ஸ் கடை மாதிரி இரண்டு மூன்று வரியில் முடிகிற பில் என்றால் இதில் பாதியே போதும்.

நான் ஏ5ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கார்பன் தாள். கையால் எழுதும் கார்பன் பெரும்பாலும் 210 × 330 மி.மீ. அளவில் கிடைக்கிறது. அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 210 × 165. ஏ5 தாள் 210 × 148. ஆக ஒரு கார்பன் தாளில் இரண்டு துண்டு, சேதாரம் கொஞ்சம்தான், தாள் முழுவதும் மூடிவிடும். இதைவிடப் பெரிய அளவு வைத்தால் ஏதாவது ஒரு ஓரத்தில் கார்பன் எட்டாமல் போகலாம். அந்த ஓரத்தில்தான் கூட்டுத் தொகை இருந்து தொலைக்கும்.

மேலே கட்டுவதா, இடப்பக்கம் கட்டுவதா என்று அச்சகத்தில் கேட்பார்கள். நெட்டுவாக்குப் பில்லுக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் கட்டினால் புத்தகத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது தையல் மேடு இடது கைக்கு இடறும். தாளைப் பிடிக்கச் சரியாக இடம் கிடைக்காது, தாள் நகர்ந்து நகல் கோணலாக விழும். படுக்கைவாக்கில் எழுதும் சின்ன வரவு ரசீதுக்கு மட்டும் இடப்பக்கக் கட்டு ஒத்துவரும்.

கட்டும் பக்கத்தில் 18 மி.மீ. எதையும் அச்சடிக்காமல் விட வேண்டும். பின் அடிப்பதற்கு ஓரம், அதற்குக் கீழே 15 மி.மீ.யில் கிழிப்பதற்கான துளைக்கோடு, அதிலிருந்து இன்னும் 3 மி.மீ. இடைவெளி. இதை மறந்துவிட்டு முழுத் தாளிலும் டிசைன் போட்டுக் கொடுத்தால், கிழிக்கும்போது கடைப் பெயரின் மேல் பாதி புத்தகத்தோடு தங்கிவிடும். துளைக்கோடு அசலுக்கு மட்டும்தான் என்பதை ஆர்டர் எழுதும்போதே அழுத்திச் சொல்லுங்கள். நகலுக்கும் துளை போட்டுவிட்டால் நாலு தடவை புரட்டியதும் நகல்கள் உதிரத் தொடங்கிவிடும்.

கட்டம் போடும் கணக்கு

இதைக் கணினியில் தொடங்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை ஏ5 அளவுக்கு வெட்டி, ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரியின் உயரம்தான் முதல் முடிவு. தமிழில் மேலே விசிறிக்கொண்டு போகும் 'கி', 'தி'யும் உண்டு, கீழே இறங்கும் 'கு', 'ரு', 'பூ'வும் உண்டு. கல்லாவில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனோடு எழுதும் எழுத்து வீட்டில் உட்கார்ந்து எழுதுவதைவிடப் பெரிதாகத்தான் வரும். 8 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். 6 மி.மீ. வைத்து நிறைய வரி சேர்த்த புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுதுவார். லாபம் எதுவும் இல்லை.

மச்சான் புத்தகத்தின் உயரக் கணக்கு இப்படி வந்தது. மொத்தம் 210 மி.மீ. இதில் கட்டும் பக்கத்துக்கு 18. கடைப் பெயர், முகவரி, போனுக்கு 28. பில் நம்பர், தேதி, பெயர், வாங்கியவர் எல்லாம் சேர்த்து 9 மி.மீ.யில் இரண்டு வரி, அதாவது 18. பத்தித் தலைப்புக்கு 7. சாமான் எழுத 8 மி.மீ.யில் பதினொரு வரி, 88. அதன் கீழே மொத்தம், வரவு, பாக்கி என்று மூன்று வரி, 24. கையெழுத்துக்கு 20. அடி ஓரம் 7. கூட்டிப் பாருங்கள், சரியாக 210 வரும். உங்களுக்குப் பதின்மூன்று வரி வேண்டுமென்றால் 16 மி.மீ. எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். கடைப் பெயரிலிருந்து எடுங்கள், வரி உயரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

அகலம் 148. இரண்டு பக்கமும் 6 மி.மீ. விட்டால் மிச்சம் 136. எண் 8, விவரம் 64, அளவு 20, விலை 20, தொகை 24. அளவுப் பத்திக்கு 20 மி.மீ. எதற்கு என்று மச்சான் கேட்டார். பேனா விற்கிற கடையில் அளவு என்றால் வெறும் "2". இவர் கடையில் "2 காயில்", "6 லென்த்", "15 மீட்டர்" என்று எழுத வேண்டும். அலகை எழுத இடமில்லாவிட்டால் எண்ணை மட்டும் எழுதுவார்கள். அப்புறம் 15 என்பது மீட்டரா, பீஸா என்று நகலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எண் பத்தியில் 1 முதல் 11 வரை சின்னதாக அச்சிலேயே போட்டுவிடச் சொன்னேன். போனில் "மூணாவது ஐட்டம் என்னது?" என்று கேட்டால் தேட வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் மிச்ச வரிகளில் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கும் இது உதவும். காலி வரி எத்தனை என்று கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கோட்டின் தடிமனுக்கு: உள் கோடுகள் அரைப் பாயிண்ட், வெளிக் கட்டம் ஒரு பாயிண்ட். அதைவிட மெல்லிய கோடு கணினித் திரையில் அழகாக இருக்கும், மலிவான தாளில் அங்கங்கே விட்டுப்போகும். நிறம் முக்கியம். எழுதுவது நீலப் பேனா, கார்பனும் நீலம் என்றால் கட்டத்தை நீலத்தில் அடிக்காதீர்கள். நகலில் கோடும் எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து, 1க்கும் பத்திக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பச்சை அல்லது மெரூன் ஒற்றை நிறம் போதும். இரண்டு கலர் அச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஓர் உண்மையான பில்லை எழுதிப் பார்த்தோம். ஒயர் 1.5 ஸ்கொயர், 2 காயில், 1,850 வீதம் 3,700. சுவிட்ச் பாக்ஸ் 4, 85 வீதம் 340. ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப் 6 லென்த், 95 வீதம் 570. மொத்தம் 4,610. வரவு 4,000. பாக்கி 610. நான்கு இலக்கத் தொகை 24 மி.மீ.க்குள் தாராளமாக உட்கார்ந்தது. மொத்தம், வரவு, பாக்கி மூன்று வரிக்கும் இடப்பக்கம் மிஞ்சும் காலி இடத்தில் 'எழுத்தால் ரூபாய்' வைத்தோம். எண்ணில் 1ஐ 7 ஆக்குவது எளிது, எழுத்தில் 'நாலாயிரத்தை' மாற்றுவது கஷ்டம்.

கையெழுத்துப் பகுதியில் ஓர் ஓரத்தை 25 மி.மீ. அகலத்துக்குக் காலியாக விடுங்கள். ரூ.5,000க்கு மேல் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட இடம் வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது" என்ற வரியை எல்லாரும் பழக்கத்தில் கேட்பார்கள். நான் போட வேண்டாம் என்றே சொல்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அச்சில் அந்த வரி இருப்பதால் அது மாறிவிடாது. "பிரிக்காத பொருளை பில்லுடன் 15 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், வெட்டிய ஒயர், பைப் மாற்ற இயலாது" என்று மச்சான் கடைக்குப் போட்டோம். சண்டை குறைந்தது. பழுதான பொருளுக்கு இது பொருந்தாது என்பதை அவருக்கும் சொல்லி வைத்தேன்.

நகல் தாள்

அசலுக்கு வெள்ளை மாப்லித்தோ, 60 ஜி.எஸ்.எம். நகலுக்கு அதைவிட மெல்லிய மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாள். அசல் தடிமனாக இருந்தால் கௌரவமாகத் தெரியும் என்று சிலர் 80, 90 கேட்பார்கள். பேனாவின் அழுத்தம் அதைத் தாண்டி இறங்காது, நகல் மங்கிவிடும்.

நகலிலும் முழுக் கட்டமும் அச்சாக வேண்டும். வெறும் கலர் தாள் வைத்தால் கொஞ்சம் மலிவு. அச்சகத்தில் கேட்காமலேயே அப்படிப் போட்டுவிடுவதும் உண்டு. ஆகவே "நகலும் அச்சு, அதே பிளேட்" என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். அதே பிளேட் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகலுக்குத் தனி டிசைன் போட்டு அது 3 மி.மீ. தள்ளி விழுந்தாலும், அசலில் 'விலை'யில் எழுதியது நகலில் 'அளவு'க் கோட்டின் மேல் போய் உட்காரும். அசல், நகல் என்று வார்த்தையில் போடாவிட்டாலும் பரவாயில்லை, தாளின் நிறமே சொல்லிவிடும்.

கார்பன் வைக்காமலே நகல் விழும் கார்பன்லெஸ் தாளும் உண்டு. கை கறுக்காது, ஒவ்வொரு தடவையும் கார்பன் மாற்றும் வேலை இல்லை. ஆனால் விலை கூட. அதோடு அந்தத் தாள் எந்த அழுத்தத்துக்கும் பதில் சொல்லும். புத்தகத்தின் மேல் ஸ்பேனரை வைத்தால் நகலில் அதன் தடம் இருக்கும். ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல் கடைக் கல்லாவில் எதை எங்கே வைப்பார்கள் என்று யாருக்கும் கட்டுப்பாடு கிடையாது. மச்சானுக்குச் சாதாரண கார்பனே போட்டோம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று: எழுதும்போது நகலுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் அடுத்த பில்லிலும் பதிந்துவிடும். பின் அட்டையை நீளமாக வைத்து, மடித்து உள்ளே செருகிக்கொள்ளும்படி கட்டச் சொல்லுங்கள். தனி அட்டை கொடுத்தால் ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

நம்பர்

ஒரு புத்தகத்தில் 50 அசல், 50 நகல். இதை '50 டூப்ளிகேட்' என்பார்கள். மச்சான் கடையில் பில் கேட்டு வாங்குகிறவர்கள் நாளுக்குச் சுமார் பன்னிரண்டு பேர். மாதத்துக்கு 26 நாள் என்றால் 312 பில். 20 புத்தகம் அடித்தால் 1,000 பில், மூன்று மாதத்துக்கு மேல் வரும். ஆகவே 0001 முதல் 1000 வரை. நான்கு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் பூஜ்யத்தோடு. வெறும் "7" என்று இருந்தால் யாராவது முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்து 17 ஆக்கலாம். "0007"இல் அது முடியாது.

அடுத்த தடவை அடிக்கும்போது 1001இலிருந்து தொடருங்கள். மறுபடி 0001இல் தொடங்க வேண்டுமென்றால் முன்னால் ஓர் எழுத்துச் சேருங்கள். கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் போடுகிறீர்கள் என்றாலும் A, B என்று இரண்டு வரிசை வேண்டும். ஒரே வரிசையில் ஆளுக்கு ஒரு புத்தகம் வைத்து எழுதினால், 0012 தேதி ஐந்து, 0061 தேதி இரண்டு என்று வரிசை குழம்பி, எந்த பில் காணோம் என்பதே தெரியாமல் போகும்.

இனி கொஞ்சம் நம்பரிங் மெஷின் பற்றி, ஏனென்றால் தப்பு நடக்கும் இடம் இதுதான். சின்ன அச்சகங்களில் கையால் அழுத்தும் நம்பரிங் மெஷின் இருக்கும். அதில் ஒரு முள் உண்டு. 1இல் வைத்தால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். 2இல் வைத்தால் ஒரே எண் இரண்டு தடவை விழுந்து பிறகு மாறும். டூப்ளிகேட் புத்தகத்துக்கு 2. அசல், நகல், அசல், நகல் என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போவார்கள்.

இடையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்று தப்பிவிட்டது என்று வையுங்கள். 0047இன் அசலில் 47 விழுந்தது. அதன் நகல் தாள் தப்பிவிட்டது. இரண்டாவது 47 அடுத்த அசலில் போய் விழும், அதன் நகலில் 48 விழும். அங்கிருந்து புத்தகம் முடியும் வரை அசலும் நகலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு வாடிக்கையாளர் கையில் 47 இருக்கும். இப்படி ஒரு புத்தகம் நாங்களே அனுப்பி, திரும்பி வந்திருக்கிறது. நிறைய பில் எழுதிய பிறகுதான் அந்தக் கடைக்காரர் கவனித்தார்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அசலையும் கடைசி நகலையும் பாருங்கள். 0050, 0100, 0150 என்று இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இருந்தால் உள்ளே நழுவல் இல்லை என்று ஏறக்குறைய நம்பலாம். இன்னொரு கோளாறு, சக்கரம் சிக்கிக்கொள்வது. 0009க்கு அடுத்து 0010, 0099க்கு அடுத்து 0100 சரியாக வந்திருக்கிறதா என்று அந்த இடங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். 20 புத்தகத்துக்கும் பத்து நிமிடம் போதும். பணம் கொடுக்கும் முன் அச்சகத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால்

மச்சான் கடைக்குப் பதிவு இல்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பனை மட்டும் செய்யும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரிப் பத்தியே வைக்கக்கூடாது, வரி வசூலிக்கவும் கூடாது. ஆகவே தலைப்பு 'ரொக்க பில்' என்றே இருக்கிறது.

பதிவு இருந்தால் புத்தகம் வேறு மாதிரி. ஜி.எஸ்.டி. எண், எச்.எஸ்.என்., வரி வீதம், வரித் தொகை எல்லாம் ஏறும், ஏ5 போதாமல் போகலாம். பொருள் விற்பனைக்கு இரண்டல்ல, மூன்று தாள்: வாங்குபவருக்கு, எடுத்துச் செல்பவருக்கு, கடைக்கு. சேவைக்கு இரண்டு போதும். பில் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. `A/26-27/0001` என்று வைத்தால் 12 எழுத்துதான். இதில் `A/26-27/` வரை பிளேட்டில் அச்சாகட்டும், கடைசி நான்கு இலக்கம் மெஷினில் விழட்டும். ஆனால் அப்படி அடித்த புத்தகம் மார்ச் 31க்கு மேல் மிஞ்சினால் வீண். ஜனவரியில் ஆர்டர் கொடுக்கும்போது குறைவாகவே அடியுங்கள். காம்போசிஷன் முறையில் இருப்பவர் டாக்ஸ் இன்வாய்ஸ் போடக்கூடாது, பில் ஆஃப் சப்ளைதான். வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற அறிவிப்பு வரியும் மேலே அச்சாக வேண்டும். அந்த வாசகத்தை உங்கள் கணக்காளரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன்

பென்சில் வரைவைக் கணினியில் ஏற்றி, வீட்டு பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ அசல் அளவிலேயே இரண்டு தாள் எடுங்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று பிரிண்டர் தானாகச் சுருக்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே கார்பன் வைத்து, நேற்றைய பில்கள் நாலைந்தை, கல்லாவில் நின்றபடி, கடையில் பில் போடும் ஆளையே எழுதச் சொல்லுங்கள். பிறகு மேல் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நகலை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் எதுவோ அதுதான் திருத்த வேண்டிய இடம். மச்சான் கடைப் பையன் '5'ஐயும் 'S' மாதிரி எழுதுவான் என்பது இப்படித்தான் தெரிந்தது. அதை டிசைனால் சரிசெய்ய முடியாது, பையனிடம்தான் சொல்ல வேண்டும்.

கோப்பை பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். அச்சகக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, 'மொத்தம்' வேறு ஏதோவாகிவிடும். எப்படியும் புரூஃப் தாளில் 'கொ', 'மொ', 'பொ', 'ணை' வரும் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். போன் நம்பரைப் பார்த்துப் படித்தால் போதாது, அந்தப் புரூஃபில் இருப்பதைப் பார்த்து அந்த எண்ணுக்கே ஒரு தடவை போன் போடுங்கள்.

கல்லாவில்

கார்பனின் பளபளப்பான பக்கம் கீழே, நகலைப் பார்த்து. புதிதாக வருகிறவர்கள் தலைகீழாக வைத்துவிட்டு, நகல் வெறுமையாகவும் அசலின் முதுகில் கண்ணாடி எழுத்துமாக விழித்துக்கொண்டு நிற்பார்கள். பால்பாயிண்ட் பேனாதான், ஜெல் பேனா அழுத்தம் கொடுக்காது. எழுத்து மங்கத் தொடங்கியதும் பளபளப்பான பக்கம் மாறாமல், கார்பனின் மேல் ஓரம் கீழே வரும்படி சுற்றி வையுங்கள். பில்லின் மேல்பகுதியில் எப்போதும் எழுதுவதால் அங்கேதான் முதலில் தேயும்.

தப்பாக எழுதிய பில்லைக் கிழித்தெறியாதீர்கள். அசலையும் நகலோடு சேர்த்துப் பின் அடித்து, இரண்டிலும் 'ரத்து' என்று எழுதுங்கள். நம்பர் தொடர்ச்சியாக இருப்பதன் பயனே அதில்தான். அசலை மட்டும் தனியாக எடுத்துத் திருத்துவதும் கூடாது. திருத்துவதென்றால் கார்பனோடு, இரண்டிலும் விழும்படி அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம்.

முன் அட்டையில் "எண் ...... முதல் ...... வரை, தேதி ...... முதல் ...... வரை" என்று ஒரு வரி அச்சடிக்கச் சொல்லியிருந்தேன். புத்தகம் முடிந்ததும் மச்சான் அதை நிரப்பி, அட்டை முகம் வெளியே தெரியும்படி அலமாரியில் அடுக்குகிறார். 17ஆவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டையும் செருகி வைத்தோம்: "அச்சகத்துக்குப் போன் போடு. அடுத்தது 1001."